வாரக் கடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரிமங்கலம் வட்டாரத்தில் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. தவணை அட்டையை நீட்டி ‘இதைக் கொஞ்சம் பாருங்கள்’ என்பவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை எளியதிலிருந்து சிக்கலானது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். கணக்குக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கடனை எடுத்துக்கொள்கிறேன்: 40,000 ரூபாய், 50 வாரம், வாரம் 900 ரூபாய். இது எந்தக் கம்பெனியின் கணக்கும் அல்ல. ஆனால் உங்கள் அட்டை இதிலிருந்து வெகுதூரம் விலகியிருக்காது.

வாரக் கடனும் மகளிர் சுய உதவிக் குழுக் கடனும் ஒன்றுதானே? இரண்டிலும் குழுதானே இருக்கிறது?

இல்லை. சுய உதவிக் குழு என்பது உறுப்பினர்கள் சேமித்து, தங்களுக்குள் சுழற்றி, பிறகு குழுவின் பெயரில் வங்கியில் கடன் வாங்குவது. தமிழ்நாட்டில் அது தொடங்கியதே நம் மாவட்டத்தில்தான். 1989இல், கிருஷ்ணகிரி பிரிவதற்கு முந்தைய பழைய தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அது ஆரம்பமானது. வங்கி இணைப்பில் வரும் குழுக் கடனுக்கு 3 லட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டித் திட்டம் இருக்கிறது.

வாரக் கடனில் குழு சேர்ப்பது தனியார் நுண்கடன் கம்பெனி. ஐந்து பேர், பத்துப் பேரை உட்காரவைத்து ஒரு லீடரைப் போட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடன் கொடுக்கிறார்கள். சேமிப்பு கிடையாது. குழு இருப்பது ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பதற்காக. ‘குழு லோன்’ என்ற ஒரே பெயரில் இரண்டையும் அழைப்பதால், அரசுத் திட்டம் என்று நம்பித் தனியார் கடனில் கையெழுத்துப் போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதான் என்றார்கள். அப்படியானால் வருடத்துக்கு 12 சதவீதம்தானே?

40,000 வாங்கி 50 வாரத்தில் 45,000 கட்டுகிறீர்கள். வட்டி 5,000. அதை 40,000-ஆல் வகுத்து மாதக் கணக்குக்குக் கொண்டுவந்தால் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேலே வரும். அவர்கள் சொன்னது அந்தக் கணக்கு. அதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது.

ஊரில் ஒருவரிடம் ஒரு ரூபாய் வட்டிக்கு 40,000 வாங்கினால், வருடம் முழுக்க அந்த 40,000 உங்கள் கையில் இருக்கும். மாதா மாதம் வட்டியை மட்டும் கட்டி, கடைசியில் அசலைத் திருப்புவீர்கள். வாரக் கடனில் முதல் வாரத்திலேயே அசலைத் திருப்பத் தொடங்கிவிடுகிறீர்கள். 25ஆவது வாரம் முடியும்போது உங்களிடம் இருக்கும் அசல் சுமார் 21,200 மட்டுமே. கடைசி மாதத்தில் மூவாயிரத்து சொச்சம். ஆனால் வட்டியோ முழு 40,000-மும் வருடம் முழுக்க உங்களிடம் இருந்ததுபோல வாங்கப்பட்டிருக்கிறது. உண்மையில் வருடத்தில் சராசரியாக உங்கள் கையில் இருந்தது இருபதாயிரத்துச் சொச்சம். அதற்கு 5,000 வட்டி என்றால், குறையும் இருப்பின் மேல் ஆண்டுக்கு ஏறக்குறைய 24.5 சதவீதம் வருகிறது. நம் பேச்சில் சொன்னால் இரண்டு ரூபாய் வட்டிக்கும் சற்று அதிகம்.

கடன் 40,000. கணக்கில் ஏறியது 38,928. மீதி எங்கே போனது?

எடுத்துக்காட்டுக் கடனில் பரிசீலனைக் கட்டணம் ஒரு சதவீதம், அதாவது 400. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 72. கணவன், மனைவி இருவர் பெயரிலும் கடன் காப்பீடு 600. மொத்தம் 1,072 ரூபாய் முன்னதாகவே பிடிக்கப்பட்டது. காப்பீடு பயனில்லாதது என்று சொல்ல மாட்டேன். கடன்காரர் இறந்தால் மிச்சக் கடன் அதிலிருந்து தீரும். ஆனால் அது கடனோடு சேர்ந்து வரும் செலவுதான். செலவுக் கணக்கில் வைக்க வேண்டும்.

நீங்கள் வாங்கியது 38,928, திருப்புவது 45,000. அந்த வித்தியாசத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் 24.5 என்பது 30 சதவீதமாக ஏறுகிறது. அதாவது மாதத்துக்கு இரண்டரை ரூபாய் வட்டி. ஒரு ரூபாய் என்று வாயால் சொன்ன கடன், கையில் வந்த பணத்தை வைத்துப் பார்த்தால் இரண்டரை ரூபாய். இந்த ஒரு வரி புரிந்தால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

இதை நானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா? எனக்குப் பெரிய படிப்பெல்லாம் இல்லை.

பெருக்கலும் வகுத்தலும் போதும். வாரத் தவணையை வாரங்களால் பெருக்குங்கள்: 45,000. அதிலிருந்து உண்மையில் கைக்கு வந்த தொகையைக் கழியுங்கள்: 6,072. கைக்கு வந்த தொகையில் பாதி 19,464. 6,072-ஐ அந்த 19,464-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 31 வருகிறது. துல்லியமான விடை 30 என்பதால் இந்தக் குறுக்கு வழி சற்றே அதிகம் காட்டும், ஆனால் ஏமாற்றாது. இது ஏறக்குறைய ஒரு வருடக் கடனுக்கு. இரண்டு வருடக் கடன் என்றால் கடைசியில் வந்த விடையை இரண்டால் வகுக்க வேண்டும்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், போனில் இருக்கும் கணக்குத் தாளில் இதை அடிக்கச் சொல்லுங்கள். முதல் எண் வாரங்கள், அடுத்தது தவணை (கழித்தல் குறியோடு), மூன்றாவது கைக்கு வந்த தொகை.

```
=RATE(50,-900,38928)*52
```

விடை 0.30 என்று வரும். நூறால் பெருக்கினால் ஆண்டு விகிதம்.

அட்டையில் இதெல்லாம் எழுதியிருக்க வேண்டாமா? இவ்வளவு வட்டி வாங்க அரசு எப்படி விடுகிறது?

எழுதியிருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த நுண்கடன் விதிகளின்படி, கடனுக்கு முன்பே ஒரு விவரத்தாள் கொடுக்க வேண்டும். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு அதில் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ‘ஏ.பி.ஆர்.’ என்று போட்டிருப்பார்கள். முதலில் தேட வேண்டியது அதைத்தான். தனியாக எழுதியிருக்கும் வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

வட்டிக்கு உச்சவரம்பு 2022 வரை நுண்கடன் கம்பெனிகளுக்கு இருந்தது. புதிய விதிகளில் அது எடுக்கப்பட்டுவிட்டது. அநியாய வட்டி கூடாது என்று விதி சொல்கிறது, ஆனால் எத்தனை சதவீதம் அநியாயம் என்று எண் போடவில்லை. ஆகவே விகிதத்தைப் படித்து ஒப்பிடும் வேலை கடன் வாங்குபவர் தலையில்தான் விழுந்திருக்கிறது. கம்பெனிகளின் பக்கத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது: அடமானம் இல்லாமல், ஊருக்கு ஆள் அனுப்பி, சில்லறைத் தொகையாக வசூலிப்பதற்குச் செலவு ஆகிறது. அதற்காக அந்தச் செலவை ஒரு ரூபாய் என்று சொல்லி மறைக்க வேண்டியதில்லை.

வாரமா, மாதமா, எது நல்லது? வாரம் என்றால் சின்னத் தொகையாக இருக்கிறதே.

மொத்தம் கட்டுவது ஒரே 45,000 என்றால், வாரத் தவணையில் அசல் சீக்கிரம் திரும்புவதால் விகிதம் கூடும். கட்டணம் சேர்க்காமல் பார்த்தால் 50 வாரத்துக்கு 24.5, பன்னிரண்டு மாதத் தவணைக்கு 22-க்குச் சற்று மேல். பெரிய வித்தியாசம் இல்லை.

அதைவிட முக்கியம் உங்கள் வீட்டில் பணம் எந்த நாளில் வருகிறது என்பது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகும் கணவர் சனிக்கிழமைக் கூலி அனுப்பினால் வாரத் தவணை பொருந்தும். ஓசூர் சிப்காட்டில் மாதச் சம்பளம் என்றால் மாதத் தவணையைக் கேளுங்கள். தக்காளியும் மாம்பழமும் மட்டுமே வருமானம் என்றால் இரண்டுமே பொருந்தாது. விலை படுத்த வாரத்திலும் தவணை நிற்காது. கடன் வாங்குபவரின் தேவைக்கு ஏற்ப வாரம், மாதம் என்று தவணைக்காலத்தை அமைத்துக் கொடுக்கும் கொள்கை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன விதிகளே சொல்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொரு கம்பெனியும் தருகிறேன் என்கிறது. சட்டப்படி எத்தனை இடத்தில் வாங்கலாம்?

ரிசர்வ் வங்கி விதி எண்ணிக்கையைச் சொல்லவில்லை, தொகையைச் சொல்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுப்பதுதான் நுண்கடன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டுவது மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பைக் தவணை, போன் தவணை எல்லாம் அந்தப் பாதிக்குள் அடக்கம். இதைத் தவிர, நுண்கடன் நிறுவனங்களின் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது: 2025 ஏப்ரல் முதல் ஒருவருக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கூடாது, மொத்தம் 2 லட்சத்துக்கு மேல் கூடாது.

இந்தப் ‘பாதி’யைக் கணக்கிடும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வாரம் 900 என்றால் நாலால் பெருக்கி மாதம் 3,600 என்கிறார்கள். வருடத்துக்கு 52 வாரம். 900-ஐ 52-ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 3,900. ஐந்து வசூல் நாள் வரும் மாதத்தில் வீட்டில் ஏன் இடிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

அவர்களே பார்த்துத்தானே கொடுக்கிறார்கள்? கொடுக்கிறார்கள் என்றால் நம்மால் கட்ட முடியும் என்றுதானே அர்த்தம்?

ஒரு குடும்பத்தை எடுத்துப் பார்ப்போம். பாலக்கோடு பக்கம், கணவர் பெங்களூரில் கொத்து வேலை, மனைவி இரண்டு மாடும் கூலி வேலையும். மாதம் சராசரி 18,000. சாப்பாடு, பள்ளி, மருந்து, பஸ், தீவனம் எல்லாம் 10,500. மிச்சம் 7,500. முதல் கடன் நம்முடைய 40,000. மாதக் கணக்கில் 3,900. கட்ட முடிகிறது. பத்தாவது வாரத்தில் இன்னொரு கம்பெனியில் 50,000 வாங்குகிறார்கள், வாரம் 1,125. மாதத்துக்கு 4,875. இரண்டும் சேர்ந்து 8,775. விதிப்படி வரம்பு 9,000, ஆகவே காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் மிச்சமோ 7,500தான். மாதம் 1,275, வாரத்துக்குச் சுமார் 295 துண்டு விழுகிறது. கம்பெனி பார்த்தது வருமானத்தில் பாதியை. வீட்டில் மிஞ்சுவதை யாரும் பார்க்கவில்லை.

பதினான்காவது வாரத்தில் மூன்றாவது கடன், 30,000, வாரம் 675. பிடித்தம் போக 29,196. அதில் 12,000 மளிகைப் பாக்கிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகிறது. மீதி 17,196-ஐ டப்பாவில் வைத்துத் தவணை கட்டுகிறார்கள். முந்தைய துண்டு 295, புதிய தவணை 675, ஆக வாரம் 970 அதிலிருந்து எடுக்கிறார்கள். மூன்றாவது கடனின் பதினெட்டாவது வாரத்தில் டப்பா காலி. அப்போது முதல் கடனுக்கு இன்னும் 18 வாரம் பாக்கி இருக்கிறது. அது முடியும்வரை வாரம் 970 வேண்டும்; மொத்தம் 17,460. டப்பாவில் வைத்த அதே அளவுக்கு ஒரு பள்ளம் மீண்டும் வந்து நிற்கிறது, மூன்றாவது கடனிலோ இன்னும் 32 வாரத் தவணை மிச்சம். மாதத் தவணை மொத்தம் 11,700. அது வருமானத்தில் 65 சதவீதம்.

இந்தப் பதினெட்டு வாரமும் வசூல் ஒருநாள் தவறவில்லை என்பதைக் கவனியுங்கள். அட்டையில் எல்லா வாரமும் டிக் விழுந்திருக்கும். கம்பெனியின் ஏட்டில் அவர் ‘நல்ல கஸ்டமர்’. முழுகப்போவது வெளியே தெரியாததால்தான் அடுத்த ஆளும் கடன் கொடுக்கத் தயாராக இருக்கிறார். வீட்டுக்குள் தெரியும் அடையாளம் ஒன்றுதான்: ஒரு கடனின் பணம் இன்னொரு கடனின் தவணைக்குப் போகத் தொடங்குவது.

பள்ளம் விழுந்தபோது தண்டல்காரரிடம் 10,000 வாங்கினேன். நூறு நாள், நாளுக்கு நூறு ரூபாய். இது சுலபமாகத்தானே இருக்கிறது?

கையில் கொடுத்தது 8,500 ஆக இருக்கும். திருப்புவது 10,000. மேலே சொன்ன அதே முறையில் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம், அதாவது மாதம் பத்து ரூபாய் வட்டி. வாரக் கடனைப்போல நான்கு மடங்கு. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது.

வாரக் கடனில் அகப்பட்டவர்கள் தண்டலுக்குப் போவது தற்செயல் இல்லை. வியாழக்கிழமை காலை குழு கூடும் சென்டரில் 900 வைத்தே ஆக வேண்டும், குழுப் பெண்கள் முன்னால் தலைகுனியக் கூடாது. அந்த ஒரு காலைக்காக எந்த வட்டிக்கும் ஒப்புக்கொள்கிறார்கள்.

எல்லாம் கம்ப்யூட்டரில் தெரியும் என்கிறார்களே, பிறகு எப்படி நாலு, ஐந்து கடன் கிடைக்கிறது?

கம்பெனிகள் கடன் தகவல் நிறுவனங்களிடம் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கின்றன. சிபில், எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சிரிஃப் ஹைமார்க் என்று நான்கு உண்டு. ஆனால் தகவல் அங்கே போய்ச் சேர நாளாகும். முன்பு மாதத்துக்கு ஒருமுறைதான் அனுப்பினார்கள். 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அந்த இடைவெளியில் இரண்டு கம்பெனியில் விண்ணப்பித்தால் ஒன்றை மற்றது அறியாமல் போகலாம். தண்டல், ஏலச்சீட்டு, அடகுக்கடை, மளிகைப் பாக்கி எதுவும் அதில் ஏறுவதே இல்லை. வருமானம் என்ற கட்டத்திலோ, பல சமயம் கேட்காமலே ஒரு தொகை எழுதப்படுகிறது. நான் பார்த்த ஒரு படிவத்தில் மாடே இல்லாத வீட்டுக்குப் பால் வருமானம் எழுதியிருந்தது.

உங்கள் அறிக்கையை நீங்களும் பார்க்கலாம். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கடன் இன்னும் திறந்ததாக இருக்கிறதா, தெரியாத கடன் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

எங்கள் லீடர் அக்கா, ‘உன் பெயரில் எடுத்துக் கொடு, தவணையை நான் கட்டிவிடுகிறேன்’ என்கிறார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கடன் உங்களுடையது. அறிக்கையில் உங்கள் பெயர்தான் ஏறும், காப்பீடும் உங்கள் பெயரில்தான், அவர் நின்றுவிட்டால் வீட்டுக்கு வருவதும் உங்களிடம்தான். அவருக்கு ஏன் சொந்தப் பெயரில் கிடைக்கவில்லை என்று யோசித்தாலே போதும்: மேலே சொன்ன வரம்பைத் தொட்டிருப்பார். ஐந்து பேர் பெயரில் எடுத்த லீடர் ஒரு நாள் ஊரை விட்டுப் போனால் ஐந்து வீடும் சேர்ந்து விழும்.

மாட்டேன் என்பதற்கு வழி: ‘என் பெயரில் ஏற்கெனவே பாதி வருமானத்துக்குத் தவணை போகிறது, கம்ப்யூட்டர் ஏற்காது’ என்று சொல்லிவிடுங்கள். உறவும் கெடாது.

குழுவில் ஒருத்தி கட்டவில்லை. மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை யாரும் போகக் கூடாது என்கிறார்கள். சரியா?

கூட்டுப் பொறுப்புக் கடிதத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், ஆகவே குழுவிடம் கேட்பதற்கு அவர்களுக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் கேட்பது வேறு, அடைத்துவைப்பது வேறு. மிரட்டுவது, திட்டுவது, உறவினரையும் அக்கம்பக்கத்தினரையும் தொந்தரவு செய்வது, பெயரைப் பலர் அறியப் போடுவது எல்லாமே ரிசர்வ் வங்கி விதிகளில் தடை செய்யப்பட்டவை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. குறித்த வசூல் இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். தவறிய தவணைக்கான தாமதக் கட்டணம் தவறிய தொகைக்கு மட்டும்தான். முழுக் கடனுக்கும் போடக் கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025இல் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

ஒருத்திக்காகப் பணம் போட்டால், யார் எவ்வளவு போட்டது என்று குழு நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அட்டையில் அது அவர் கட்டியதாகத்தான் பதியும்.

கடன் தள்ளுபடி வரப்போகிறது, கட்டாதீர்கள் என்று ஊரில் பேசுகிறார்கள். நிறுத்தலாமா?

2021இல் தமிழ்நாட்டில் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது கூட்டுறவு நிறுவனங்களில் இருந்த மகளிர் குழுக் கடன்களுக்கு. தனியார் நுண்கடன் கம்பெனிக் கடன் அதில் இல்லை. முதல் கேள்வியில் சொன்ன குழப்பம் இங்கேதான் பணத்தைப் பிடுங்குகிறது. நிறுத்தினால் பாக்கி அறிக்கையில் ஏறும். பிறகு வங்கியில் மாட்டுக் கடன், படிப்புக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

எனக்கு ஏற்கெனவே நாலு கடன். எதை முதலில் அடைப்பது?

ஒரு தாளில் நான்கையும் எழுதுங்கள்: வாரத் தவணை, மிச்ச வாரம், இன்று முடித்தால் எவ்வளவு. கடைசி எண்ணைக் கிளையில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். நுண்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது. ஆனால் லாபத்தைப் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். நம் 40,000 கடனை 25 வாரம் கட்டிவிட்டு முடித்தால் 22,500-க்குப் பதிலாகச் சுமார் 21,200 கொடுப்பீர்கள். வட்டியில் பெரும்பகுதியை முதல் பாதியிலேயே கட்டிவிட்டிருப்பீர்கள். பிடித்த 1,072-ம் திரும்பாது. பழையதை முடித்துப் புதிதாகப் பெரிய கடன் தருகிறேன் என்று பாதியில் வருபவர்களிடம் அதனால்தான் எச்சரிக்கை தேவை. அதே பிடித்தம் ஒரே வருடத்தில் இரண்டாம் முறை வரும்.

தண்டல் இருந்தால் அதுதான் முதலில். சின்ன நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைத்துத் தண்டலை அடைப்பது லாபம். அங்கே வட்டி பெரும்பாலும் ஒரு ரூபாய்க்குள் முடியும். வாரக் கடன்களுக்குள் வட்டியைப் பார்க்காதீர்கள், எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். மிச்ச வாரம் குறைவாக உள்ளதை முடியுங்கள். மேலே பார்த்த குடும்பத்தில், டப்பா காலியான வாரத்தில் முதல் கடனின் மிச்சம் 16,000-க்குள்தான் இருக்கும். கணவரின் மேஸ்திரியிடம் முன்பணமோ, நகையோ கொண்டு அதை முடித்தால் வாரம் 900 உடனே விடுபடும். துண்டு 970-இலிருந்து 70-க்கு வரும். அதுவும் முடியாவிட்டால், தவறுவதற்கு முந்தைய வாரமே கிளை மேலாளரிடம் போய்த் தவணையைக் குறைத்து வாரங்களைக் கூட்டித் தரக் கேட்டு எழுதிக் கொடுங்கள். வட்டி கூடும்தான். ஐந்தாவது கடனைவிட அது குறைவு.

புகார் செய்தால் அடுத்த முறை கடன் தர மாட்டார்களே? எங்கே சொல்வது?

கடன் தருவதும் தராததும் அவர்கள் விருப்பம்; அதற்காக இரட்டைத் தவணை வாங்கியதையோ, ரசீது தராததையோ விட வேண்டியதில்லை. முதலில் அட்டையின் பின்புறம் உள்ள கம்பெனியின் போன் எண்ணுக்குப் புகார் சொல்லி, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் இலவசமாகப் பதியலாம், 14448-இல் பேசலாம். அட்டையின் எல்லாப் பக்கங்களின் படம், கணக்கில் பணம் ஏறிய பாஸ்புக் பக்கம், முதலில் கொடுத்த புகாரின் எண் மூன்றும் கையில் இருக்கட்டும். மிரட்டலோ அடைத்துவைப்போ நடந்தால் இந்த முப்பது நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.